செல் சுவாசம்: பதினொன்றாம் வகுப்பு உயிரியலுக்கான ஒரு பக்கத் திருப்புதல் குறிப்பு

பாடநூலில் பல பக்கங்கள் ஓடும் இந்தப் பாடம், உண்மையில் இரண்டே கேள்விகளுக்கு விடை சொல்கிறது. குளுக்கோஸில் இருந்த ஆறு கார்பன்கள் எங்கே போயின? அவற்றோடு இருந்த ஹைட்ரஜன்கள் எங்கே போயின? முதல் கேள்வி கிரப்ஸ் சுழற்சியோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது கேள்வி மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு வரை நம்மை அழைத்துச் செல்கிறது. கீழே வரும் ஒவ்வொரு நிலையையும் இந்த இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒட்டுமொத்தச் சமன்பாடு

C₆H₁₂O₆ + 6O₂ → 6CO₂ + 6H₂O + ஆற்றல்

இந்தச் சமன்பாட்டைப் பார்ப்பவர்கள், நாம் உள்ளிழுக்கும் ஆக்ஸிஜன்தான் கார்பனோடு சேர்ந்து CO₂ ஆகிறது என்று எண்ணிவிடுகிறார்கள். சென்ற மாதத் தேர்வில் விடைத்தாள்களில் அதிகம் திருத்த வேண்டியிருந்த பிழை இதுதான். உள்ளிழுத்த ஆக்ஸிஜன் நீராகவே மாறுகிறது. CO₂-இல் உள்ள ஆக்ஸிஜன், குளுக்கோஸிலிருந்தும் வினைகளில் சேரும் நீரிலிருந்தும் வருகிறது.

கிளைக்காலிஸிஸ் (சைட்டோபிளாசம், 6 கார்பன் → 3 + 3)

எம்டன், மேயர்ஹாஃப், பர்னாஸ் ஆகியோரின் பெயரால் வழங்கும் இந்த வழித்தடத்தில் பத்து வினைகள் உள்ளன. ஆக்ஸிஜன் எதிலும் தேவையில்லை. முதலில் செல் செலவு செய்கிறது: ஹெக்சோகைனேஸ் நொதியின் வினையில் ஒன்றும், பாஸ்போபிரக்டோகைனேஸ் நொதியின் வினையில் ஒன்றுமாக 2 ATP கரைகின்றன. பின்னர் ஆறு கார்பன் சர்க்கரை, கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட், டைஹைட்ராக்ஸி அசிட்டோன் பாஸ்பேட் என்னும் இரண்டு மூன்று கார்பன் சேர்மங்களாகப் பிளவுபடுகிறது. இரண்டாவது முதலாவதாக மாறிக்கொள்வதால், இதற்குப் பிறகு எல்லாக் கணக்கையும் இரண்டால் பெருக்க வேண்டும். இறுதியில் 2 பைருவிக் அமிலம், 2 NADH, 4 ATP கிடைக்கின்றன. செலவைக் கழித்தால் நிகர லாபம் 2 ATP. இந்த ATP தளப்பொருளிலிருந்து பாஸ்பேட் நேரடியாக மாற்றப்படுவதால் உருவாகிறது. இதற்குத் தளப்பொருள் பாஸ்பரிகரணம் என்று பெயர்.

இணைப்பு வினை (மைட்டோகாண்ட்ரியாவின் உட்கூழ்மம், 3 → 2)

பைருவேட் டீஹைட்ரஜனேஸ் நொதித் தொகுதி, ஒவ்வொரு பைருவிக் அமிலத்திலிருந்தும் ஒரு CO₂-ஐ நீக்கி, அதை அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆக மாற்றுகிறது. ஒரு குளுக்கோஸுக்கு 2 CO₂, 2 NADH. ATP எதுவும் இல்லை.

கிரப்ஸ் சுழற்சி (உட்கூழ்மம், 2 → 0)

ஹான்ஸ் கிரப்ஸ் 1937-இல் விளக்கிய இச்சுழற்சியில், இரண்டு கார்பன் அசிட்டைல் தொகுதி நான்கு கார்பன் ஆக்சலோ அசிட்டிக் அமிலத்தோடு இணைந்து ஆறு கார்பன் சிட்ரிக் அமிலம் ஆகிறது. இடைப்பொருள்களின் பெயர்களைவிட, எந்த இடத்தில் எது வெளியேறுகிறது என்பதை மனத்தில் இருத்துவது பயன் தரும். ஐசோசிட்ரிக் அமிலம் ஆல்ஃபா கீட்டோ குளுட்டாரிக் அமிலமாகும்போது ஒரு CO₂-உம் ஒரு NADH-உம், அது சக்சினைல் கோஎன்சைம் ஏ ஆகும்போது மீண்டும் ஒரு CO₂-உம் ஒரு NADH-உம் உண்டாகின்றன. அடுத்த படியில் ATP-க்கு நிகரான ஒரு GTP, சக்சினிக் அமிலம் ஃபியூமாரிக் அமிலமாகும்போது ஒரு FADH₂, மாலிக் அமிலம் ஆக்சலோ அசிட்டிக் அமிலமாகத் திரும்பும்போது மூன்றாவது NADH. சுழற்சி இரண்டு முறை சுற்றுவதால், ஒரு குளுக்கோஸுக்கு 4 CO₂, 6 NADH, 2 FADH₂, 2 ATP.

கார்பன் கணக்கு இத்துடன் முடிகிறது. இவ்வளவு தூரம் வந்தும் கையில் இருப்பது 4 ATP மட்டுமே. மீதி ஆற்றல் 10 NADH-இலும் 2 FADH₂-இலும் இருக்கிறது.

எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி (உட்சவ்வு)

பாடத்தின் கனமான பகுதி இது. திருப்புதலுக்கான நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். NADH தன் எலக்ட்ரான்களைத் தொகுதி 1-இடம் ஒப்படைக்கிறது. FADH₂-இன் எலக்ட்ரான்கள் தொகுதி 2 வழியாக நுழைகின்றன. இரண்டும் யூபிகுயினோனில் சேர்ந்து, தொகுதி 3, சைட்டோகுரோம் சி, தொகுதி 4 என்று கைமாறிச் சென்று ஆக்ஸிஜனை அடைகின்றன. அங்கே நீர் உருவாகிறது. இந்தப் பயணத்தில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு 1, 3, 4 ஆகிய தொகுதிகள் உட்கூழ்மத்திலிருந்து H⁺ அயனிகளைச் சவ்விடை வெளிக்குள் தள்ளுகின்றன. தொகுதி 2 எதையும் தள்ளுவதில்லை. ஆகவேதான் FADH₂-க்குக் குறைவான ATP.

வெளியே குவிந்த H⁺ அயனிகள் ATP சிந்தேஸ் நொதியின் F₀ பகுதி வழியாக உள்ளே திரும்பும்போது அந்த நொதி சுழல்கிறது. F₁ பகுதியில் ADP-யோடு பாஸ்பேட் இணைந்து ATP ஆகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்து, 1978-இல் நோபல் பரிசு பெற்ற வேதிசவ்வூடுபரவல் கொள்கை இதுவே.

கிரப்ஸ் சுழற்சியின் எந்த வினையிலும் O₂ கலந்துகொள்ளாதபோது, அது ஏன் காற்றுச் சுவாசத்தில் சேர்க்கப்படுகிறது? சயனைடு விஷத்தை எடுத்துப் பாருங்கள். அது தொகுதி 4-ஐ முடக்குகிறது. எலக்ட்ரான்கள் போக வழியின்றி சங்கிலி முழுதும் அடைபடுகிறது. NADH தன் சுமையை இறக்க இடமில்லாததால் NAD⁺ தீர்ந்து, கிரப்ஸ் சுழற்சியும் நின்றுவிடுகிறது. ஆக்ஸிஜன் இல்லாதபோதும் நடப்பது இதுதான்.

ATP கணக்கு: 38-ஆ, 32-ஆ?

பழைய கணக்கில் ஒரு NADH-க்கு 3, ஒரு FADH₂-க்கு 2 ATP:

(10 × 3) + (2 × 2) + 4 = 38

புதிய கணக்கு H⁺ அயனிகளை எண்ணி வருகிறது. ஒரு NADH சுமார் 10 அயனிகளையும், ஒரு FADH₂ சுமார் 6 அயனிகளையும் வெளியேற்றுகின்றன. ஒரு ATP-ஐ உருவாக்கி வெளியே அனுப்பச் சுமார் 4 அயனிகள் தேவை. ஆகவே மதிப்புகள் 2.5, 1.5:

(10 × 2.5) + (2 × 1.5) + 4 = 32

கிளைக்காலிஸிஸில் உண்டான 2 NADH-களால் உட்சவ்வைக் கடக்க முடியாது. அவற்றின் எலக்ட்ரான்கள் மட்டுமே உள்ளே கைமாற்றப்படுகின்றன. சில செல்களில் அவை FAD-இடம் ஒப்படைக்கப்படுவதால் இரண்டு ATP குறைந்து, 36 அல்லது 30 ஆகிறது. விடையில் எந்த மதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். வினாவில் மதிப்பு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நொதித்தல் (சைட்டோபிளாசம்)

ஈஸ்ட்டில் பைருவிக் அமிலம் எத்தனாலாகவும் CO₂-ஆகவும் மாறுகிறது. கடுமையாக உழைக்கும் தசையில் லாக்டிக் அமிலமாகிறது, அங்கே CO₂ வெளிவருவதில்லை. இரண்டிலும் நோக்கம் ஒன்றே: NADH-ஐ மீண்டும் NAD⁺ ஆக்கி, கிளைக்காலிஸிஸ் நின்றுவிடாமல் காப்பது. லாபம் கிளைக்காலிஸிஸின் 2 ATP மட்டுமே. நொதித்தலே கூடுதல் ATP தருவதாக எழுதாதீர்கள்.

சுவாச ஈவு

வெளியேறும் CO₂-இன் அளவை, பயன்படும் O₂-இன் அளவால் வகுக்க வேண்டும். குளுக்கோஸுக்கு 6 ÷ 6 = 1. டிரைபால்மிட்டின் என்னும் கொழுப்புக்கு 102 ÷ 145, அதாவது சுமார் 0.7, கொழுப்பில் ஆக்ஸிஜன் குறைவாக இருப்பதால் வெளியிலிருந்து அதிகம் தேவைப்படுகிறது. மாலிக் அமிலத்துக்கு 4 ÷ 3 = 1.33, அதில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. ஈஸ்ட்டின் நொதித்தலில் O₂ பயன்படாமல் CO₂ மட்டும் வெளிவருவதால், வகுக்கும் எண் பூஜ்ஜியமாகி, மதிப்பு முடிவிலி ஆகிறது.