கையில் ஆறு சீட்டு: இன்செர்ஷன் சார்ட், முதல் பாடம்

பி.எஸ்சி. கணினி அறிவியல், முதலாம் ஆண்டு. இன்று மழையில் கூடலூர் பஸ் வரவில்லை, நான்கு பேர் வகுப்பில் இல்லை. அவர்களுக்காகத்தான் பாடத்தை முழுதாக எழுதி வைக்கிறேன். ஊட்டியில் இருந்தவர்களுக்கும் லேப் கிடைக்கவில்லை. கற்பூர மரம் ஒன்று லைன் மேல் விழுந்து காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஜூலையில் இது புதிதல்ல. அதனால் ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் ஒரு சோதனை. ரம்மிக்குப் போடுவதுபோல் சீட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் அடுக்குங்கள், சின்னது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். யாரும் சொல்லித்தராமலே எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்தீர்கள். புதுச் சீட்டை எடுத்தீர்கள், கையிலிருப்பதில் அதற்கான இடத்தைப் பார்த்தீர்கள், செருகினீர்கள். கையில் இருப்பது எப்போதும் வரிசையாகவே இருந்தது. ஒரே ஒரு சீட்டு இருந்தபோதும் அது வரிசைதான், கலைவதற்கு அதில் எதுவும் இல்லை.

இன்செர்ஷன் சார்ட் என்பது இவ்வளவுதான். தமிழில் செருகல் வரிசையாக்கம். பெயரைவிட கை செய்ததைக் கவனியுங்கள், ஏனென்றால் கை இரண்டு விஷயங்களை நமக்குக் காட்டாமல் செய்துவிடுகிறது.

ஒன்று, தேடுவது. கையிலிருக்கும் ஐந்து சீட்டையும் கண் ஒரே பார்வையில் பார்த்துவிடும். கணினிக்கு அந்தக் கண் கிடையாது. ஒரு நேரத்தில் இரண்டு சீட்டைத்தான் ஒப்பிடும்.

இரண்டு, இடம் விடுவது. இதுதான் பெரிய விஷயம். விரலால் லேசாக விலக்கினால் சீட்டுகள் தாமாகவே விலகி இடம் கொடுக்கின்றன (இன்றைய ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடம் பிடித்தன, அது வேறு கதை). பைத்தானின் லிஸ்ட்டில் அப்படி விலகுகிற சந்து இல்லை. பெஞ்சில் சாக்பீஸால் ஆறு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு சீட்டு வைத்தோமே, அதுதான் லிஸ்ட். நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமானால் வலப்பக்கம் உள்ளவை ஒவ்வொன்றாக ஒரு கட்டம் நகர வேண்டும். மினி பஸ்ஸில் ஜன்னலோர ஆள் உள்ளே போக, இருக்கையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து உட்காருவதுபோல.

சரி, பெஞ்சுக்கு வருவோம். கட்டங்களுக்கு 0 முதல் 5 வரை எண் போட்டு இப்படி வைத்தோம்:

7, 4 (கிளாவர்), 9, 4 (ஆட்டின்), 2, 10

0ஆம் கட்டத்து 7 தனியாக இருப்பதால் வரிசையில் இருப்பதாகவே கொள்ளலாம். ஆகவே 1ஆம் கட்டத்திலிருந்து தொடங்குகிறோம். கிளாவர் 4ஐ எடுத்து இடது கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டம் காலி. 7 பெரியதா? ஆமாம், ஒரு கட்டம் தள்ளு. இடப்பக்கம் வேறு சீட்டு இல்லை, 4ஐ வை. அடுத்து 9. பக்கத்திலிருக்கும் 7ஐ மட்டும் பார்த்தால் போதும். 7க்கு இடப்புறம் உள்ளவை அதைவிடச் சின்னவை என்று ஏற்கெனவே தெரியும். 9 இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து ஆட்டின் 4. 9 நகர்கிறது, 7 நகர்கிறது, பிறகு கிளாவர் 4 எதிரே வருகிறது. அது பெரியதா? இல்லை, சமம். அங்கேயே நின்றுவிடு. ஆட்டின் 4, கிளாவர் 4க்கு வலப்பக்கம் உட்கார்ந்தது. முதலில் வந்தவன் முதலிலேயே இருக்கிறான். 2 வந்தபோது நான்கு சீட்டும் நகர வேண்டியதாயிற்று. 10 வந்தது, ஒன்றும் நகரவில்லை.

எண்ணிப் பார்த்தால் தள்ளல் 1, 0, 2, 4, 0. மொத்தம் 7. ஒப்பீடு 1, 1, 3, 4, 1. மொத்தம் 10. ஆரம்ப வரிசையில் பெரிய சீட்டு இடப்பக்கமும் சின்னது வலப்பக்கமுமாக இருக்கும் ஜோடிகளை எண்ணுங்கள். அதுவும் 7 வரும். ஒவ்வொரு தள்ளலும் அப்படி ஒரு தப்பான ஜோடியைச் சரிசெய்கிறது, அதனால்தான்.

இதையே எழுதினால்:

```python
def insertion_sort(a):
    for i in range(1, len(a)):
        key = a[i]
        j = i - 1
        while j >= 0 and a[j] > key:
            a[j + 1] = a[j]
            j = j - 1
        a[j + 1] = key
```

`key` என்பது உங்கள் இடது கை. அதை மறந்தவர்கள் நோட்டில் 7, 7 என்று இரண்டு ஏழு வந்தது. கையில் பிடிக்காமல் 7ஐத் தள்ளினால் அது 4இன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், 4 போயே போய்விடும். `j` என்பது வலமிருந்து இடம் நகரும் உங்கள் விரல்.

`j >= 0` எதற்கு என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. விரல் பெஞ்சை விட்டு வெளியே போகாமல் இருக்க. பைத்தானில் இதை விட்டுவிட்டால் எர்ரர்கூட வராமல் போகலாம், அதுதான் ஆபத்து. `a[-1]` என்றால் பைத்தானுக்குக் கடைசிச் சீட்டு. முதல் சுற்றிலேயே 7ஐத் தள்ளிய பிறகு அது 10ஐ எடுத்து 0ஆம் கட்டத்தில் வைக்கும், 4ஐக் கொண்டுபோய் வாலில் போடும். 10, 7, 9, 4, 2, 4. பெஞ்சில் செய்து பார்த்தபோது எல்லோரும் சிரித்தோம். தேர்வில் சிரிக்க மாட்டீர்கள்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? மிக மோசமான கட்டு, தலைகீழாக அடுக்கியது. n சீட்டுக்கு n(n-1)/2 தள்ளல். ரம்மி கை 13 என்றால் 78, முழுக் கட்டு 52 என்றால் 1326. நன்றாகக் கலைத்த கட்டில் சராசரியாக அதில் பாதி. சீட்டு இரட்டிப்பானால் வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, O(n²) என்று எழுதுவது அதைத்தான். ஏற்கெனவே அடுக்கிய கட்டு என்றால் 51 ஒப்பீடு, தள்ளலே இல்லை.

இதனால் இதை மட்டமான முறை என்று ஒதுக்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் அகர வரிசையில் இருக்கும் பெயர்களோடு தாமதமாகச் சேர்ந்த இரண்டு பேரைச் சேர்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பைத்தானின் `sort()`க்காக 2002இல் டிம் பீட்டர்ஸ் எழுதிய டிம்சார்ட்கூட, சின்னச் சின்னத் துண்டுகளை இன்செர்ஷன் முறையில்தான் அடுக்குகிறது. இடத்தை மட்டும் பாதி பாதியாக வெட்டித் தேடுகிறது. ஒப்பீடு அதனால் குறையும், தள்ளல் குறையாது. ஏன் என்று பெஞ்சைப் பார்த்தாலே தெரியும்.

வீட்டு வேலை: `a[j] > key` என்பதை `a[j] >= key` ஆக்கிவிட்டு அதே ஆறு சீட்டை அடுக்குங்கள். இரண்டு நான்கில் எது முன்னால் வருகிறது, தள்ளல் எத்தனை என்று நோட்டில் எழுதி வாருங்கள். கூடலூர்காரர்கள் வீட்டுச் சீட்டுக்கட்டிலேயே செய்யலாம், காசு வைக்காமல். நாளை கரண்ட் வந்தால் லேப், வராவிட்டால் மறுபடி இதே பெஞ்ச்தான்.