பருவநிலை நிதி மாதிரி உச்சிமாநாடு: துவாலு பிரதிநிதியின் உரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சக பிரதிநிதிகளே, வணக்கம்.

ஒன்பது தீவுகளும் ஏறத்தாழ 11,000 மக்களும் கொண்ட துவாலுவின் சார்பில் பேசுகிறேன். எங்கள் நாட்டின் மிக உயரமான இடம்கூட கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டரைத் தொடாது.

வரைவுத் தீர்மானத்தின் நான்காம் பிரிவு, பாகூ ஐ.நா. பருவநிலை மாநாட்டில் 2024-இல் ஒப்புக்கொண்ட இலக்கை வரவேற்கிறது: வளரும் நாடுகளுக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர். கோபன்ஹேகனில் 2009-இல் வளர்ந்த நாடுகள் வாக்களித்த ஆண்டுக்கு 100 பில்லியன் 2020-க்குள் வந்திருக்க வேண்டும், 2022-இல்தான் எட்டியது. அந்த ஆண்டு வந்த அரசு நிதியிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். எனவே தொகையோடு நின்றுவிடாமல், பணம் எந்த வடிவில், எத்தனை மாதத்தில் வரும் என்பதையும் இந்தத் தீர்மானம் சொல்லியாக வேண்டும்.

கடலோரத்தில் சுவர் எழுப்பினால் போதாதா என்று நேற்றைய அமர்வில் கேட்டார்கள். போதாது. எங்கள் நிலம் துளைகள் நிறைந்த பவளப்பாறை. பெரிய ஓதத்தின்போது நீர் சுவரைத் தாண்டி வருவதில்லை, காலுக்கடியிலிருந்து ஊறி மேலே வருகிறது. நன்னீர் மட்டம் வரை குழி தோண்டி நாங்கள் வளர்க்கும் புலாக்கா கிழங்கு, அந்த உப்பில் அழுகிப்போகிறது. நிலத்தையே உயர்த்துவதுதான் வழி.

எங்கள் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் அதைச் செய்தும் காட்டினோம். காயலில் மணல் அள்ளி 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்குப் புது நிலம் உருவாக்கினோம். பசுமைப் பருவநிலை நிதியம் 36 மில்லியன் டாலர் மானியத்துக்கு ஒப்புதல் தந்தது 2016-இல். நிலம் எழுந்தது 2023-இல். கடல் ஏழு ஆண்டுகள் பொறுத்திருக்காது.

இதைக் கடன் வாங்கிச் செய்யச் சொல்லாதீர்கள். உயர்த்திய நிலம் கட்டணம் வசூலித்துத் தராது. தவணையை மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் வைத்த பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். அடுத்த புயல் வந்தால், பழைய கடன் தீராமலே புதுக்கடன்.

ஆகவே நான்காம் பிரிவில் துவாலு கோரும் திருத்தம் இது: சிறு தீவு நாடுகளின் தகவமைப்புப் பணிகளுக்கு மானியம் மட்டுமே, 25 மில்லியன் டாலருக்கு உட்பட்ட விண்ணப்பங்களுக்குப் பன்னிரண்டு மாதத்தில் முடிவு. தகுதியைத் தனிநபர் வருமானத்தால் மட்டும் அளக்காமல், வெளியிலிருந்து வரும் அதிர்ச்சிகளால் ஒரு நாடு எவ்வளவு பாதிக்கப்படக்கூடும் என்று கணக்கிடும், ஐ.நா. பொதுச்சபை 2024-இல் ஏற்ற பல்பரிமாண பாதிப்புக் குறியீட்டையும் சேருங்கள்.

ஆறாம் பிரிவிலும் ஒரு பிழை இருக்கிறது. காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் பேரிடர் நிதி தானாக விடுவிக்கப்படும் என்கிறது அது. 2015-இல் பாம் புயலின் மையம் எங்களை நெருங்கவே இல்லை. வெகுதொலைவிலிருந்து வந்த பேரலைகள்தான் தீவுகளை மூழ்கடித்தன. காற்றை மட்டும் பார்க்கும் விதியின்படி எங்களுக்கு ஒரு டாலர்கூட வந்திருக்காது. 'காற்றின் வேகம்' என்பதை அடுத்து 'அல்லது அலையின் உயரம்' என்ற சொற்களைச் சேர்க்கக் கோருகிறேன்.

இரு திருத்தங்களும் எழுத்து வடிவில் மேசைக்கு வந்துவிட்டன. எஞ்சிய நேரத்தைக் கேள்விகளுக்கு விடுகிறேன், தலைவர் அவர்களே.