பெரிய சாருக்கு

எல்லோருக்கும் வணக்கம். நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள், மேளச் சத்தம் கேட்கிறது. அவர்கள் வந்து சேருவதற்குள் சாரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார் அண்ணன். சார் முன்னால் நின்று பேசுவது எனக்குப் புதிதில்லை. அவர் பதில் சொல்லாமல் படுத்திருப்பதுதான் புதிது.

நான் 1983-ல் இங்கே ஒன்றாவதில் சேர்ந்தவள். இப்போது அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். சார் 1981-ல் நம் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வந்தவர், 2008-ல் ஓய்வு பெறும்வரை வேறு ஊருக்குப் போகவில்லை. அவர் பெயரைச் சொல்லி இந்த ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. தலையில் ஒரு முடிகூட நரைக்காத வயதிலேயே ‘பெரிய சார்’ ஆகிவிட்டார்.

வீடு கட்டி இங்கேயே வருவதற்கு முன்னால், மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துதான் வருவார். நம் கரிசலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு தூறல் விழுந்தால் போதும், ஒவ்வொரு அடிக்கும் காலில் மண் அப்பும், செருப்பு அப்படியே புதைந்துவிடும். சார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு வருவார். பள்ளிக்கூடத்து வாசல் அடிகுழாயில் கால் கழுவுவார். பிறகு செருப்பைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைப்பார். வேட்டியை இறக்கி நீவிவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார். நாங்கள் எல்லோரும் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். நாற்பது கருவாப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற ஒரு ஓட்டுக் கட்டடத்துக்குள் நுழைய அவர் அவ்வளவு செய்தார். எங்களுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

அவருடைய வருகைப் பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை வரவில்லையென்றால் உடனே பேனாவால் எழுத மாட்டார். பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அந்தப் புள்ளிக்காரன் வீட்டுக்குப் போவார். காய்ச்சலா, ஆடு மேய்க்கப் போய்விட்டானா, மிளகாய் பறிக்கப் போயிருக்கிறாளா, சட்டை இல்லையா என்று தெரிந்துகொண்டு வந்த பிறகுதான் புள்ளிமேல் பேனா ஓடும்.

நான் நாலாவது படிக்கும்போது மூன்று நாள் தொடர்ந்து எனக்குப் புள்ளி விழுந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பஸ் நம் ஊருக்கு விடியற்காலை நாலு மணிக்கு வரும். ஹாரன் சத்தத்தில் பிள்ளைகள் எழுந்து, தூக்கம் கலையாமலே ஏறி உட்கார்ந்து மறுபடி தூங்குவார்கள். அந்த வருஷம் மழை இல்லை, அப்பா என்னையும் ஏற்றிவிட்டார். கட்டையில் குச்சி அடுக்கும் வேலை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது என்று பின்னால்தான் படித்தேன். நான் ஏறியது அதற்கும் அடுத்த வருஷம்.

மூன்றாம் நாள் ராத்திரி நான் திரும்பி வந்தபோது சார் எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சார் சண்டை போடவில்லை, சட்டம் பேசவில்லை. அம்மா அன்றைக்கு ஒட்டிக் காயப்போட்டிருந்த தீப்பெட்டிகளைக் காட்டி, “இதுல எத்தனை குரோஸ் இருக்கும்மா?” என்று என்னைக் கேட்டார்.

ஒரு குரோஸ் என்றால் 144. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை அவர் எங்களுக்குத் தீப்பெட்டியை வைத்துத்தான் சொல்லித் தந்திருந்தார். அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் தரையில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக அடுக்கினேன். பசை சரியாகக் காயாத பெட்டிகள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்பது கட்டம் வந்தது. “ஒம்பது சார்” என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து, “இல்லையே, ஏஜெண்டு தினமும் எட்டுன்னுல்ல அட்டையில எழுதுறாரு” என்றாள்.

சார் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா விளக்கைத் தூக்கி அந்த ஒன்பது கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுநாள் பஸ் ஹாரன் அடித்தபோது அம்மா என் காதைப் பொத்தினாள், தூக்கம் கலையக் கூடாதென்று.

“அஞ்சாவது மட்டும் முடிக்கட்டும், அப்புறம் நான் கேக்க மாட்டேன்” என்றுதான் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அஞ்சாவது முடிந்த மே மாதம் மறுபடி வந்தார், எட்டாவது மட்டும் என்றார். அப்புறம் பத்தாவது. பன்னிரண்டாவது முடித்ததும் அப்பாவே சார் வீட்டுக்குப் போய், “அடுத்து என்ன சார்?” என்று கேட்டார்.

இங்கே சாருக்குத் தோள் கொடுக்க நிற்கிற பால்காரத் தம்பி வகுப்பில் தூங்கியதற்காக ஒருநாள் அடி வாங்கினான். அவனும் நாலு மணி பஸ்ஸில் போய்வந்தவன்தான் என்பது சாயங்காலம் தெரிந்திருக்கிறது. மறுநாள் சார் தன் மேஜைக்குக் கீழே ஒரு பாய் விரித்து அவனைப் படுக்கச் சொன்னார். எங்களை வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லச் சொன்னார். அந்த வேப்பங்குச்சியை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நான் காலனிப் பிள்ளை. வகுப்பில் சாருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரும் வேலை வாரத்துக்கு ஒருத்தர் என்று முறை வைத்திருந்தார். என் முறை வந்த வாரம் என் கையால் வாங்கி, எல்லோரும் பார்க்க, சொம்பை நிதானமாகக் குடித்து முடித்தார். அந்தக் காலத்தில் நம் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் இருந்தது. ஊரில் சிலர் அவரிடம் வந்து பேசினார்கள். அடுத்த முறை வந்தபோதும் என்னைத்தான் கூப்பிட்டார்.

போன மாதம் வந்து பார்த்தேன். சர்க்கரையில் கண் ரொம்ப மங்கிவிட்டது. பி.பி. பார்க்கக் கையைப் பிடித்ததும், “ஜன்னல் ஓரம் உக்காருவியே, நீதானம்மா?” என்றார். மாத்திரையைப் பற்றி நான் பேசினேன், அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். இந்த வருஷம் ஒன்றாவதில் எத்தனை பிள்ளைகள், யாராவது நின்றுவிட்டார்களா, நின்றிருந்தால் போய்ப் பார்த்தீர்களா என்று. நர்ஸ் வேலை பார்க்கிற என்னிடம்தான் கேட்கிறோம் என்பது அவருக்கு நினைவிருந்ததா, தெரியவில்லை. ஒன்றாவதில் ஆறு பேர் என்று விசாரித்துவந்து சார் வீட்டு அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். சொன்னேன் என்றார்கள் அம்மா.

அம்மா, இருபத்தேழு வருஷம் அவர் சாப்பிடாமல் எங்கள் வீடுகளைத் தேடி அலைந்த மத்தியானங்களில் எல்லாம் நீங்களும் சாப்பிடாமல் காத்திருந்தீர்கள். அது எங்களுக்குத் தெரியும்.

நீர்மாலை வந்துவிட்டது. தூக்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். பள்ளிக்கூடம் வழியாகத்தான் போகிறோம். இப்போதைய தலைமை ஆசிரியை கேட்டைத் திறந்து வைத்திருக்கிறார், பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். அங்கே இரண்டு நிமிஷம் நிறுத்துங்கள். ராத்திரி பெய்த மழையில் அந்தப் பாதை சேறாகிக் கிடக்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாக நடங்கள். அடிகுழாயில் தண்ணீர் வருகிறது.