வீடியோ ப்ராம்ப்ட்: காருக்குள், ஓட்டுநரின் கைகள், 8 வினாடி

ஓடும் காரின் உட்புறம். ஒரே ஷாட், நடுவில் கட் கிடையாது. நீளம் 8 வினாடி, வினாடிக்கு 24 ஃப்ரேம், 16:9. நிஜக் கேமராவில் எடுத்த படம்போல இருக்க வேண்டும்; அனிமேஷன் சாயல் வேண்டாம்.

ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள கார், சாலையின் இடப்பக்கமாகப் போகிறது. கேமரா இடப்பக்க முன்சீட்டில், அங்கே உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் இருந்து ஓட்டுநரைப் பார்க்கிறது. 35 மி.மீ. லென்ஸ். கேமரா காரோடு இறுக்கிப் பொருத்தப்பட்டது: ஜூம் இல்லை, திரும்பல் இல்லை, கையில் பிடித்த ஆட்டம் இல்லை. ஆகவே சீட், கதவு, டாஷ்போர்டு, ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி எல்லாம் ஃப்ரேமில் இருந்த இடத்திலேயே இருக்கும். காட்சி ஓடுவது ஜன்னலுக்கு வெளியே மட்டும்தான்.

ஓட்டுநர் ஐம்பது வயதுப் பெண். நரை கலந்த முடியைப் பின்னால் கட்டியிருக்கிறார். வெளிர்நீலப் பருத்திச் சட்டை, கைகளை முழங்கைக்குக் கீழே வரை மடித்துவிட்டிருக்கிறார். சீட் பெல்ட் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு வருகிறது. முகம் ஃப்ரேமின் இடப்பக்கம் நோக்கி, அதாவது சாலையை நோக்கி. பழகிய சாலையில் போகிறவரின் அமைதி. கேமராவைப் பார்க்க மாட்டார், பேச மாட்டார். ஒருமுறையோ இருமுறையோ இயல்பாகக் கண் சிமிட்டுவார், அவ்வளவே.

இந்த ஷாட்டின் உயிர் கைகளில் இருக்கிறது. ஸ்டீயரிங்கைக் கடிகார முகமாக நினைத்தால் இடது கை 9 மணியில், வலது கை 3 மணியில். விரல்கள் வளையத்தைச் சுற்றி வளைந்திருக்கின்றன, கட்டைவிரல்கள் வளையத்தின் மேல் படிந்திருக்கின்றன. இறுக்கிப் பிடிக்கவில்லை, முட்டிகள் வெளுக்காத, தளர்வான பிடி. கேமராவுக்கு அருகில் இருப்பது இடது கை, அதன் பின்புற நரம்புகளும் நகங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். வலது கை சற்றுத் தள்ளி, வளையத்தின் இடைவெளி வழியே தெரிகிறது. ஒவ்வொரு கையிலும் ஐந்து விரல், முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை. தோலும் வளையத்தின் தோலுறையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தொடும் இடத்தில் மெல்லிய நிழல்கோடு இருக்கட்டும்.

கைகள் அசையாமல் இருப்பது என்றால் சிலைபோல உறைந்திருப்பது அல்ல. முதல் 5 வினாடி நேர்சாலை: வளையம் இரண்டு மூன்று டிகிரி மட்டும் இப்படியும் அப்படியும் திரும்புகிறது, சாலையின் நுண் அதிர்வு முன்கைகளில் லேசாகத் தெரிகிறது. கடைசி 3 வினாடியில் சாலை மெல்ல வலப்பக்கம் வளைகிறது. அப்போது வளையம் சுமார் 10 டிகிரி வலப்புறம் திரும்ப, இடது கை சற்று மேலேறும், வலது கை சற்று இறங்கும். கைகள் வளையத்தோடு சேர்ந்தே நகர வேண்டும். வழுக்கவோ பிடியை மாற்றவோ கூடாது.

வெளியே மாலை வெயில். ஓட்டுநருக்குப் பின்னால் தெரியும் வலப்பக்க ஜன்னலில், எதிர்த்தடத்துக்கு அப்பால் ஒரே வரிசையாக உயர்ந்த மரங்கள், அதற்கும் அப்பால் திறந்த வயல்வெளி, தொலைவில் நீலம் பாய்ந்த மலைத்தொடர். மரங்களும் வயலும் ஃப்ரேமின் இடப்பக்கத்தில் நுழைந்து வலப்பக்கமாக வெளியேறும். ஒருபோதும் திசை மாறாது. வேகம் மணிக்கு 60 கி.மீ. சாலையோர மரங்கள் வினாடிக்கு ஒன்றிரண்டு என மோஷன் ப்ளரோடு கடந்துபோகும், வயல் நிதானமாக நகரும், மலை நேர்சாலையில் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்றும் ஒரே வேகத்தில் ஓடினால் ஜன்னலில் ஒட்டிய திரைச்சீலைபோல ஆகிவிடும். இந்த வேக வித்தியாசம் கட்டாயம். வளைவில் மட்டும் மலை சற்றே இடப்பக்கம் விலகும். அதே மரமோ அதே மேகமோ திரும்பத் திரும்ப வரக் கூடாது.

சூரியன் மரங்களுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. ஒவ்வொரு மரம் கடக்கும்போதும் அதன் நிழல் கைகள் மேலும் சட்டை மேலும் முன்னிருந்து பின்னாக ஓடி மறைய வேண்டும். மரத்தின் வேகமும் நிழலின் தாளமும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வெளிச்சம் ஜன்னல் வழியே வருவதாக நம்ப முடியும். முகத்தின் இடப்பாதி மென்மையான நிழலில், ஆனால் கண் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தோடு. ஃபோகஸ் இடது கையிலும் முகத்திலும். வெளிக்காட்சி கொஞ்சம் மங்கல், ஆனால் மரம் மரமாகத் தெரிய வேண்டும்.

ஜன்னல்கள் மூடியிருக்கின்றன, அதனால் முடி பறக்காது. உள்கண்ணாடியை ஃப்ரேமுக்கு வெளியே விட்டுவிடவும். மீட்டர் எண்கள், எழுத்துகள், கார் சின்னம், செல்போன், வேறு பயணிகள், எதிரே வரும் வண்டிகள் எதுவும் வேண்டாம். ஒலி: சீரான எஞ்சின் முனகல், தார்ச்சாலையில் டயர் உரசும் ஓசை, கண்ணாடிக்கு வெளியே அடங்கிய காற்று. இசை இல்லை.