நீதிப் புனராய்வும் நீதித்துறைச் சுதந்திரமும்: தேர்வுக்கான சுருக்கம்

நாளைக் காலை அரசமைப்புச் சட்டத் தாள். பென்னாகரம், அரூர் பக்கமிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் வருபவர்கள் வழியிலேயே படித்து முடிக்கும் அளவுக்கு எழுதியிருக்கிறேன். கேள்வி எப்படிச் சுற்றி வந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம், அதாவது நீதிப் புனராய்வு, நீதிமன்றத்துக்கு இருந்தும், நீதிபதியின் பதவியும் சம்பளமும் அரசின் கையில் இருந்தால் அந்த அதிகாரம் ஏட்டோடு நின்றுவிடும். அதனால் இரண்டையும் தனித்தனி விடையாக எழுதாதீர்கள்.

புனராய்வு எங்கிருந்து வருகிறது

அமெரிக்க அரசமைப்பில் இதற்கென நேரடி வாசகம் கிடையாது. 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல் நிலைநாட்டினார். நம்மிடம் எழுத்திலேயே இருக்கிறது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம், முரண்படும் அளவுக்குச் செல்லாது என்கிறது பிரிவு 13. பிரிவு 32 உச்ச நீதிமன்றத்தையும், பிரிவு 226 உயர் நீதிமன்றத்தையும் நாட வழி தருகின்றன. அதிகார வரம்பை மீறிய சட்டம் என்றால் 245, 246.

நிர்வாக ஆணைகளுக்கும் இது பொருந்தும். சட்டவிரோதம், பகுத்தறிவுக்கு ஒவ்வாமை, நடைமுறைத் தவறு என்று மூன்று காரணங்கள். குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு எஸ்.ஆர். பொம்மை, 1994.

திருத்தங்களின் கதை

மதிப்பெண் இங்கேதான். 1951 சங்கரி பிரசாத் வழக்கில், அரசமைப்புத் திருத்தம் பிரிவு 13 சொல்லும் 'சட்டம்' ஆகாது என்றார்கள். 1967 கோலக்நாத் அதைத் தலைகீழாக்கியது, 6க்கு 5. திருத்தும் அதிகாரத்தை மீட்க நாடாளுமன்றம் 1971இல் 24ஆம் திருத்தம் கொண்டுவந்தது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி, 7க்கு 6: திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் தொடக்கூடாது என்ற 39ஆம் திருத்தத்தின் பகுதி 1975இல் விழுந்தது. திருத்தங்களை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக்கூடாது என்ற 42ஆம் திருத்தப் பகுதி 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் போயிற்று. 32, 226 தரும் புனராய்வு அதிகாரமே அடிப்படைக் கட்டமைப்பு என்று 1997இல் எல். சந்திரகுமார் தீர்ப்பு சொன்னது.

ஐ.ஆர். கோயல்ஹோவை (2007) மறக்காதீர்கள், அது நம் மாநிலத்து வழக்கு. கூடலூர் ஜன்மம் நிலச் சட்டத்தில் ஒரு பகுதியை நீதிமன்றம் ரத்து செய்தது. அடிப்படை உரிமைகளை வைத்துக் கேள்வி கேட்க முடியாதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணைக்குள் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை வைத்தது. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அங்கே நுழைந்த எதையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்றது ஒன்பது நீதிபதி அமர்வு. நம்ம 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் உள்ளே போனது என்று ஒரு வரி சேர்த்தால், விஷயம் புரிந்து எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

சுதந்திரம்

பிரிவுகளைக் கடகடவென்று எழுதுங்கள்: 50 நிர்வாகத்திலிருந்து பிரிப்பு, 124(4) பதவி நீக்கத்துக்கு ஈரவையிலும் சிறப்புப் பெரும்பான்மை, 121, 211 சட்டமன்றங்களில் நீதிபதியின் நடத்தையை விவாதிக்கத் தடை, 129, 215 அவமதிப்பு அதிகாரம். சம்பளம் தொகுப்பு நிதியிலிருந்து, வாக்கெடுப்பு இல்லாமல்.

ஆனால் ஏட்டில் இருப்பதும் நடந்ததும் வேறு. கேசவானந்தா தீர்ப்புக்கு மறுநாளே மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாமா என்ற 1976 ஜபல்பூர் வழக்கில் மாறுபட்டு எழுதிய எச்.ஆர். கன்னா 1977இல் தாண்டப்பட்டார். அந்தப் பின்னணியோடு, மூத்த நீதிபதிகளே நியமனத்துக்குப் பெயர் பரிந்துரைக்கும் கொலீஜியத்தைச் சொன்னால்தான் அது ஏன் வந்தது என்று புரியும்: 1981இல் நிர்வாகத்துக்கு முன்னுரிமை, 1993இல் நீதித்துறைக்கு, 1998இல் விரிவு, 2015இல், கொலீஜியத்துக்குப் பதிலாக நியமன ஆணையம் கொண்டுவந்த 99ஆம் திருத்தம் ரத்து. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் வெளிப்படைத்தன்மை இல்லை என்ற விமர்சனத்தையும் எழுதுங்கள். அதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

உதாரணத்துக்கு வெளியே தேட வேண்டாம். 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை சேர்ந்து நடத்திய கொடுமையில், சென்னை உயர் நீதிமன்றம் 1995இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இது சட்டத்தை ரத்து செய்த வழக்கு அல்ல, அப்படி எழுதிவிடாதீர்கள். அரசின் சொந்த ஊழியர்களுக்கு எதிராக நீதிமன்றம் நிற்க முடிந்ததற்கான சான்று.

நீதிமன்றத்துக்கும் வரம்பு உண்டு

சட்டம் செல்லும் என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். கெட்ட பகுதியை மட்டும் பிரித்து நீக்க முடிந்தால் மீதி நிற்கும். பொருளாதாரக் கொள்கை சரியா என்று பார்ப்பதில்லை (பால்கோ, 2001). நாடாளுமன்ற, சட்டமன்ற நடைமுறைக் குறைகளை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க 122, 212 தடை. ஆனால் அப்பட்டமான சட்டவிரோதத்துக்கு அந்தத் தடை பொருந்தாது என்று ராஜா ராம் பால் (2007) சொல்கிறது. நேரம் குறைவாக இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, திருத்தங்களின் கதைக்கு நேரம் கொடுங்கள்.