பாப்பாவுக்கு, ஸ்வெட்டருக்கு அடியில்

பூம்பாறை
24.8.2025

அன்புள்ள பாப்பா,

நேரில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அதனால் பெட்டியில் வைக்கிறேன். நீ வாகெனிங்கன் போய்ச் சேர்ந்து (இந்தப் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை) ஸ்வெட்டரை எடுக்கும்போது கிடைக்கட்டும்.

போன வாரம் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்ட் பழக்கடையில் ஒருவர், "பாப்பா வெளிநாடு போகுதாமே, பெருமையா இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தச் சொல் உறுத்தியது. பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் நடத்துகிறவள், என் மகளுக்கு ஒரு சொல் தேடமாட்டேனா?

பெருமை நல்ல சொல்தான். ஆனால் ஊரே புழங்கித் தேய்ந்துவிட்டது. "பெருமை அடிக்காதே" என்று திட்டுவதற்கும் அதே சொல்தானே. கர்வம், தலைக்கனம், மிதப்பு எதுவும் வேண்டாம். அவையெல்லாம் அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேச வைத்திருக்கும் சொற்கள். பூரிப்பு கொஞ்சம் பொருந்துகிறது. விசா வந்த அன்று எனக்கு வந்தது அதுதான். இரண்டு நாளில் வடிந்துவிட்டது, அப்புறம் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இறுமாப்பைக் கெட்ட சொல் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அப்பர் தேவாரத்தில், சிவனுடைய கணங்களில் ஒருவனாக எண்ணப்பட்டு அவன் காலடியில் "இறுமாந்து இருப்பன் கொலோ" என்று ஏங்குகிறார். ஒரு கூட்டத்தில் தானும் ஒருவன் என்று ஆகிவிட்டதில் வரும் நிமிர்வு அது. உன் அட்மிஷன் கடிதத்தை நான் தடவித் தடவிப் பார்த்தது அந்த மாதிரிதான் இருந்தது.

கடைசியில் தொல்காப்பியத்துக்கே போனேன். சிரிக்காதே. எட்டு மெய்ப்பாடுகளில் பெருமிதம் ஒன்று. கல்வி, தறுகண், புகழ்மை, கொடை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறார். கல்வி உன்னுடையது. தறுகண் என்றால் அஞ்சாமை. விசாவுக்கு நீ தனியாகச் சென்னை போனாயே, நான் இரவு முழுக்க போனைக் கையில் வைத்திருந்தேன். புகழைப் பற்றி இப்போது என்ன பேச்சு, நீ முதலில் அங்கே ஒழுங்காகச் சாப்பிடு.

கொடை அப்பாவுடையது. உன் படிப்புக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டியதால் ஈடு கேட்டார்கள். கோயிலுக்குக் கீழே இருக்கிற பூண்டுக் காட்டின் பத்திரத்தை அவர் கொடுத்தார். "யோசிச்சீங்களா?" என்றேன். "காடு எங்கேயும் போகாது, பாப்பாதான் போகணும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. உன்னிடமும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் வடுகபட்டிக்குப் பூண்டு கொண்டு போன அன்று, மூட்டையை எடை போடக்கூட விடாமல், "நம்ம பாப்பா செடி படிக்க நெதர்லாந்து போகுது" என்று மண்டி முழுக்கச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு விலை சரியில்லையாம். அது அவருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இதற்கு எந்த நிகண்டில் சொல் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. 2006-ல் குறிஞ்சி பூத்தபோது உனக்கு மூன்று வயது. அப்பா தோளில் உட்கார்ந்து அவர் முடியைப் பிடித்து இழுத்தபடியே பார்த்தாய். 2018-ல் பூத்தபோது பத்தாம் வகுப்பு, எங்களோடு வர வெட்கம், தோழிகளோடு போனாய். அடுத்தது 2030. படிப்பு இரண்டு வருடம், அதற்கப்புறம் வேலையோ ஆராய்ச்சியோ, எங்கே இருப்பாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த வருடம் மட்டும் லீவு சொல்லி வை.

7,000 அடி உயர மலையிலிருந்து, கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நாட்டுக்குப் போகிறாய். குளிர் உனக்குப் புதிதில்லை. காற்றுதான் வேறு மாதிரி இருக்குமாம், காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசு. "ம்", "சரி" என்றுதான் சொல்வார், வைத்துவிடாதே.

பூண்டு ஊறுகாயை மூன்று கவரில் சுற்றி ஓரத்தில் வைத்திருக்கிறேன். இந்தத் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் மூடி கழன்றிருக்கிறது என்று அர்த்தம். உடனே அந்த நீல ஸ்வெட்டரை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடு.

அன்புடன்,
அம்மா