எட்டாம் இலக்கப் பலகை

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாக மண்டபத்தில் நடந்த ஆய்வரங்கில், எட்டாம் இலக்கப் பலகையில் தன் சுவரொட்டியை ஒட்டிவிட்டு நின்ற தர்சினிக்கு மூன்று நிமிட அறிமுகவுரை முழுவதும் மனப்பாடமாக இருந்தது. வவுனியாக் கிணறுகளில் புளோரைட்டு எங்கிருந்து வருகிறது, நிலத்தடிப் பாறையின் கனிமங்கள் நீரில் எவ்வாறு கரைகின்றன, குழந்தைகளின் பற்களில் அது எப்படித் தெரிகிறது என்று வரிசை பிசகாமல் சொல்லப் பழகியிருந்தாள். முதலில் வந்து நின்ற முதிய பேராசிரியர் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.

"நீரை எந்தப் போத்தலில் எடுத்தீர்கள்?"

தொண்டை அடைத்துக்கொண்டது. அறிமுகவுரையின் முதல் வரியே நாக்கு நுனியில் வந்து நின்றதால், அதை விழுங்கிவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. "பொலியெதிலீன் போத்தலில், சேர். கண்ணாடியின் சிலிக்காவோடு புளோரைட்டு தாக்கமடையக்கூடும். அளவு குறைந்து காட்டும்." அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போனார். பாராட்டா, அலட்சியமா என்று புரியவில்லை. இப்படிப்பட்ட தலையசைப்புகளுக்கு யாரேனும் ஓர் அகராதி எழுதினால் முதுமாணி மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

அடுத்து வந்தவர் கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த விரிவுரையாளர். வரைபின் குறுக்கே ஓடிய சிவப்புக் கோட்டில் விரலை வைத்து, "இதை ஏன் 1.5இல் போட்டீர்கள்?" என்றார்.

"லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு, மிஸ்."

"2013ஆம் ஆண்டின் இலங்கைக் குடிநீர்த் தரத்தில்?"

"1.0."

"நீங்கள் ஆராய்ந்தது எந்த நாட்டுக் கிணறுகளை?"

தர்சினியின் காதுகள் சூடேறின. வெளிநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிடுவதற்காகத்தான் அந்த அளவை எடுத்திருந்தாள். அது உண்மையான காரணமே. ஆயினும் அதைச் சொன்ன கையோடு, வழிகாட்டி அளவை நிர்ணயிக்கும்போது அந்தந்த நாட்டின் வெப்பநிலையையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் கருத்தில் கொள்ளுமாறு அதே நிறுவனம் சொல்லியிருப்பது நினைவுக்கு வந்தது. சித்திரை வெயிலில் வயலில் நிற்பவர் குடிக்கும் தண்ணீருக்கு 1.0 தான் பொருத்தமான எல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலே, அடையாள அட்டையின் விளிம்பை அடிமட்டமாகப் பிடித்து 1.0இல் ஒரு பென்சில் கோடு இழுத்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்த பச்சைப் புள்ளிகளில் கணிசமானவை அந்தக் கோட்டுக்கு மேலே போய்விட்டன.

விரிவுரையாளர் போகவில்லை. "வன்கடினமான நீரிலும் புளோரைட்டு உயர்ந்திருக்கிறதே. கல்சியம் நிறைய இருந்தால் அது புளோரைட்டைப் படிய வைத்திருக்க வேண்டாமா?"

இதற்கான விடை சுவரொட்டியில் இல்லை. ஆய்வுகூடக் குறிப்பேட்டில் இருந்தது. மொத்தக் கடினத்தன்மையில் மக்னீசியத்துக்கும் பங்குண்டு என்பதால், காரத்தன்மையை உயர்த்தி மக்னீசியத்தைப் படிய வைத்துக் கல்சியத்தை மட்டும் நியமிப்பு முறையில் தனியே அளந்திருந்தாள். இடமில்லையென்று மேற்பார்வையாளர் அந்த அட்டவணையை நீக்கச் சொல்லியிருந்தார். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, விரல் நடுங்க அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

அப்போது தேநீர்த் தட்டோடு வந்த அம்மா, பற்களின் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பிள்ளை, என்ர பேரனுக்கும் உப்பிடித்தான் பல்லு மண்ணிறமாக் கிடக்கு. தண்ணிய நல்லாக் கொதிக்க வைச்சுக் குடுத்தாச் சரிவருமோ?"

"இல்லை அம்மா. கொதிக்கக் கொதிக்க நீர்தான் ஆவியாகும். புளோரைட்டு பானையிலேயே தங்கி இன்னும் செறிவாகும். வடிகட்டிய நீர் வாங்குகிறீர்களா?"

"குடிக்க மட்டும் வாங்கிறம். சோறு கறியெல்லாம் கிணத்துத் தண்ணிதான். அதுவும் சேருமோ?"

தர்சினி வாயைத் திறந்தாள், மூடினாள். அவளுடைய வினாக்கொத்தில், நாளொன்றுக்கு எத்தனை குவளை நீர் குடிக்கிறீர்கள் என்ற கேள்வி இருந்தது. உலையில் ஊற்றும் நீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"சேரும், அம்மா. எவ்வளவு என்று நான் அளக்கவில்லை." அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். "ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பீர்கள்?"

"பானையில வடிக்கிறதெண்டால் அளவில்ல, நிறைய விடுவன். குக்கரெண்டால் ரெண்டு சுண்டு."

"வடித்த கஞ்சியை என்ன செய்வீர்கள்?"

"மாட்டுக்கு. சில நேரம் உப்புப் போட்டுப் பேரன் குடிப்பான்."

விரிவுரையாளர் குறிப்பேட்டைத் திருப்பி நீட்டினார். கல்சிய அட்டவணைக்கு எதிர்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. தர்சினி அதில் கஞ்சி என்று எழுதி, அதன் கீழே பேரனின் வயதைக் கேட்டு எழுதினாள்.